இரவுப் பால் வயிற்றில் திரிந்தால் தசைக்கு என்ன கிடைக்கும்?

பசும்பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். மீதியைத்தான் 'வே' புரதம் என்று டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டதும் திரண்டு பனீராக வருவது பெரும்பாலும் கேசீன். அடியில் தெளிந்து நிற்கும் நீரில் திரளாத வே தங்கும். இரைப்பையிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. எலுமிச்சைக்குப் பதில் அங்கே வயிற்று அமிலமும் பெப்சின் என்ற நொதியும் இருக்கின்றன. திரண்ட கேசீன் கட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துதான் குடலுக்குள் இறங்கும். வே திரளாது, விரைவாகக் கடந்துவிடும்.

1997-இல் பிரான்சில் நடந்த ஓர் ஆய்வு இந்த வேறுபாட்டை இரத்தத்திலேயே அளந்து காட்டியது. வே குடித்தவர்களுக்கு அமினோ அமிலங்கள் சட்டென்று ஏறி, சில மணி நேரத்தில் இறங்கின. கேசீன் குடித்தவர்களுக்கு அவ்வளவு உயரம் போகவில்லை. ஆனால் 7 மணி நேரம் வரை நீடித்தன. ஏழு மணி நேரம் என்றால் ஒரு முழு இரவு. படுக்குமுன் கேசீன் என்ற யோசனைக்கு வேர் இதுதான்.

தசையில் புரதம் கட்டப்படுவதும் சிதைவதும் எந்நேரமும் நடக்கின்றன. வெறும் வயிற்றில் தூங்கும்போது கட்டும் வேகம் குறைந்து, சிதைவு முந்துகிறது. இதை மாற்ற முடியுமா என்று நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தினர் 2012-இல் சோதித்தார்கள். இளைஞர்கள் 16 பேர் இரவு 8 மணிக்கு எடைப்பயிற்சி செய்தார்கள். முடிந்ததும் எல்லோருக்கும் 20 கிராம் புரதம். தூங்குவதற்கு அரை மணி முன்பு பாதிப் பேருக்கு 40 கிராம் கேசீன், மீதிப் பேருக்குப் புரதமில்லாத பானம். கேசீன் குடித்தவர்களின் தசையில் அன்றிரவு புரதம் உருவாகும் வேகம் சுமார் 22 சதவீதம் கூடியிருந்தது. தூங்கும்போது குடல் வேலை செய்யாது என்ற எண்ணம் தவறு என்பதும் இதில் தெரிந்தது.

பகலில் 20 கிராம் போதும் என்பார்கள். இரவுக்கு ஏன் 40? கேசீன் துளித்துளியாக வருவதாலும், வருவதில் கணிசமான பங்கைக் குடலும் கல்லீரலும் வழியிலேயே எடுத்துக்கொள்வதாலும் தசைக்குக் கிடைப்பது குறைவு. முதியவர்களிடம் செய்த சோதனையில் 40 கிராம் பலன் தந்தது, 20 கிராம் தரவில்லை. தூங்கப்போகும் முன் ஒரு தம்ளர் பால் குடிப்பவர்களுக்குக் கிடைப்பது 7, 8 கிராம்தான். நல்ல பழக்கம், தசைக்கணக்கில் மட்டும் சேராது.

இனிதான் சிக்கல். புரதம் குடித்தவரை ஒன்றும் குடிக்காதவரோடு ஒப்பிட்டால், வென்றது இரவு நேரமா, கூடுதல் புரதமா? 2015-இல் 12 வாரப் பயிற்சியோடு நடந்த ஆய்வில் இரவுப் புரதக் குழுவுக்குத் தசையும் வலுவும் கூடின. ஆனால் அவர்கள் நாள் முழுதும் உண்ட மொத்தப் புரதமும் மற்றவர்களைவிட மிக அதிகம். பின்னர், அதே அளவு கேசீனை ஒரு குழு பகலிலும் மறு குழு இரவிலும் உண்ட சோதனைகளில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 2023-இல் மாஸ்ட்ரிக்ட் குழுவே 45 கிராம் வேயையும் 45 கிராம் கேசீனையும் படுக்குமுன் கொடுத்துப் பார்த்தது. இரண்டும் ஒரே அளவு உதவின. மெதுவாகச் செரிப்பது உண்மை; அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண் என்பதே என் கணிப்பு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ளவர், மாலையில் ஜிம் போகிறவர். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் நாளுக்கு 112 கிராம் புரதம் வேண்டும். காலை மூன்று இட்லி சாம்பாரில் 10, மதியம் சோறு, சாம்பார், தயிர், இரண்டு முட்டையில் 27, மாலைச் சுண்டலில் 12, இரவு சப்பாத்தி பருப்பில் 17. மொத்தம் 66. துண்டு விழுவது 46. இவருக்கு இரவில் 40 கிராம் சேர்த்தால் பலன் தெரியும், ஏனென்றால் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. பகலிலேயே 112-ஐ எட்டிவிட்டவருக்கு இது வெறும் கூடுதல் கலோரி.

எப்படிச் சேர்ப்பது? பனீர் 200 கிராமில் 36 கிராம் புரதம் உண்டு. கூடவே 40 கிராமுக்கு மேல் கொழுப்பும் வரும். கொழுப்பு நீக்கிய பாலில் வீட்டிலேயே திரித்த பனீர் பரவாயில்லை. பாலாகவே குடிப்பதென்றால் ஒன்றேகால் லிட்டர் வேண்டும். இரவில் இரண்டு முறை எழவைத்துவிடும். கேசீன் பொடியென்றால் 50 கிராம் எடுத்து, முதலில் 350 மில்லி தண்ணீர், பிறகு பொடி என்ற வரிசையில் கலக்குங்கள். மாற்றிப் போட்டால் அடியில் பசைபோல் ஒட்டும். கலந்து கால் மணி வைத்தால் கூழாகிவிடும். உடனே குடிப்பது நல்லது.

படுத்ததும் நெஞ்சு எரிந்தாலோ புளித்த ஏப்பம் வந்தாலோ ஒரு மணி நேரம் முன்னதாக்குங்கள். வயிறு உப்பி இரைந்தால் காரணம் பாலிலுள்ள லாக்டோஸாக இருக்கலாம். அப்போது முட்டைக்கு மாறலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தை ஏற்றவே கூடாது.