வட்டிக்கு வரிக்கழிவு உண்டு, ஈவுத்தொகைக்கு இல்லை: மண்டபத்து ஐஸ் கம்பெனி ஒன்றின் கணக்கு

மண்டபம் கரையில் இருவர் சேர்ந்து பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக ஓர் ஐஸ் கம்பெனி தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உப்புநீர்த் தொட்டி, ஐஸ் பார் வார்க்கும் தகர டப்பாக்கள், கம்ப்ரசர், கட்டடம் எல்லாம் சேர்ந்து 1 கோடி ரூபாய் தேவைப்படுகிறது. அந்தப் பணத்தை முழுவதும் பங்கு மூலதனமாகப் போடலாம். அல்லது 40 லட்சத்தைத் தாங்கள் போட்டு, 60 லட்சத்தை வங்கியில் 10 சதவீத வட்டிக்குக் கடனாக வாங்கலாம். எந்திரமும் வியாபாரமும் இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் வரி ஒன்றாக இருக்காது.

லாப நட்டக் கணக்குத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் வரிசையிலேயே தெரியும். மின்கட்டணம், கூலி, தேய்மானம், வட்டி ஆகியவற்றைக் கழித்த பிறகுதான் 'வரிக்கு முந்தைய லாபம்' என்ற தலைப்பு வருகிறது. அதற்குக் கீழே வருமான வரி. அதற்கும் கீழே, எஞ்சியதிலிருந்து ஈவுத்தொகை. கடன் கொடுத்தவர் வெளியாள், லாபம் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு ஒப்பந்தப்படி வட்டி கொடுத்தாக வேண்டும் என்பதால் சட்டம் அதைச் செலவாகக் கருதுகிறது. தொழிலுக்காக வாங்கிய கடனின் வட்டியைக் கழித்துக்கொள்ள 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு இடமளித்தது. பங்குதாரரோ உரிமையாளர். அவருக்குக் கொடுப்பது செலவு அன்று, ஈட்டிய லாபத்தின் பங்கீடு. சட்டத்தின் பார்வையில் இந்தப் பிரிவினை தெளிவானதுதான். பொருளியலின் பார்வையில் இரண்டுமே முதலுக்குக் கொடுக்கும் விலை என்பதால், ஒன்றுக்கு மட்டும் சலுகை தருவது கடனின் பக்கம் தராசைச் சாய்க்கிறது என்றே நான் கருதுகிறேன்.

எவ்வளவு சாய்கிறது என்று பார்ப்போம். வட்டிக்கும் வரிக்கும் முன் ஆண்டு லாபம் 20 லட்சம் என்று கொள்வோம். வேறு சில சலுகைகளை விட்டுக்கொடுத்து 22 சதவீத வரியைத் தேர்ந்தெடுத்த நிறுவனத்துக்கு மேல்வரியும் செஸ்ஸும் சேர்ந்து 25.168 சதவீதம் வருகிறது. கடனே இல்லையென்றால் வரி 5,03,360 ரூபாய். உரிமையாளர்களுக்கு மிஞ்சுவது 14,96,640 ரூபாய், அதாவது போட்ட 1 கோடிக்கு ஏறத்தாழ 15 சதவீதம். 60 லட்சம் கடன் இருந்தால் வட்டி 6 லட்சம் போக 14 லட்சத்துக்குத்தான் வரி, அது 3,52,352 ரூபாய். மிஞ்சும் 10,47,648 ரூபாய், போட்ட 40 லட்சத்துக்கு 26 சதவீதத்துக்கு மேல் வருகிறது. வரியில் மிச்சமானது 1,51,008 ரூபாய். வட்டியை வரிவீதத்தால் பெருக்கினால் சரியாக இந்தத் தொகைதான் கிடைக்கும். வேறு விதமாகச் சொன்னால், 10 சதவீதக் கடன் நிறுவனத்துக்கு ஏறக்குறைய 7.5 சதவீதத்தில் முடிகிறது. வட்டி மட்டுமே கழிவாகும், அசல் தவணை கழிவாகாது என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. மாதத் தவணை முழுவதையும் செலவாக எண்ணி வரியைக் கணக்கிட்டால், ஆண்டு முடிவில் எதிர்பாராத வரி பாக்கி வந்து நிற்கும்.

பணம் போட்டவரின் கைக்கு வரும்போது இந்த வேறுபாடு இன்னும் கூடுகிறது. 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகைக்கு, அதைப் பெறுபவரே தம் வரிவீதப்படி வரி கட்டுகிறார். செஸ் சேர்த்து 31.2 சதவீதம் கட்டும் ஓர் உரிமையாளர், தம் பணத்தை நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுத்து 100 ரூபாய் வட்டி வாங்கினால் அவருக்கு 68.80 ரூபாய் நிற்கும். அதே 100 ரூபாய் லாபம் நிறுவனத்தில் வரி கட்டிய பிறகு ஈவுத்தொகையாக வந்தால் நிற்பது சுமார் 51.50 ரூபாய். சிறு நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்பில் பங்கு மூலதனம் ஒரு லட்சமும் இயக்குநர்கள் கொடுத்த கடன் பல லட்சமுமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உறவினருக்கோ இயக்குநருக்கோ சந்தை நிலவரத்துக்கு மிஞ்சிய வட்டி கொடுத்தால், மிகையான பகுதியை வரி அதிகாரி ஏற்க மறுக்கலாம்.

இனி இந்தக் கரைக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஐஸ் பாருக்கும் கேட்பு விழுந்துவிடுகிறது. வட்டியோ நாள்தோறும் ஏறிக்கொண்டிருக்கும். புயலும் சேர்ந்து ஆண்டு லாபம் 4 லட்சமாகக் குறைந்தால், 6 லட்சம் வட்டிக்குப் பின் 2 லட்சம் நட்டம். லாபத்தை மிஞ்சிய அந்த 2 லட்சம் வட்டிக்கு அந்த ஆண்டில் வரி மிச்சமும் இருக்காது. நட்டத்தை அடுத்த 8 ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லலாம் என்றாலும், அது அன்றைய தவணைக்கு உதவாது.

இன்னொரு கண்ணியும் உண்டு. வங்கிக் கடன் வட்டியை உண்மையில் கட்டியிருந்தால்தான் கழிவு கிடைக்கும். கட்ட முடியாத வட்டியை வங்கி புதிய கடனாக மாற்றிக் கொடுத்தால், கணக்குப் புத்தகத்தில் அது தீர்ந்ததுபோலத் தோன்றினாலும், வரிச் சட்டம் அதைக் கட்டியதாக ஏற்பதில்லை. அந்தப் புதிய கடனைக் கட்டும்போதுதான், கட்டிய அளவுக்குக் கழிவு வரும்.

ஆகவே இத்தகைய தொழிலில் கடனின் அளவை நல்ல ஆண்டின் வரி மிச்சத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது, மோசமான ஆண்டின் லாபத்தை வைத்தே முடிவுசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேற்சொன்ன நிறுவனம் 30 லட்சம் மட்டும் கடன் வாங்கியிருந்தால் நல்ல ஆண்டில் வரி மிச்சம் 75,504 ரூபாயாகப் பாதி குறைந்திருக்கும். லாபம் 4 லட்சமாக விழுந்த ஆண்டிலோ, 3 லட்சம் வட்டியைக் கட்டி, 25,168 ரூபாய் வரியும் கட்டிய பிறகு, கம்ப்ரசர் பழுதுக்கு 74,832 ரூபாய் கையில் இருந்திருக்கும்.