ஆணி காணாமல் போனால் எங்கே நிற்பது?

கட்டட வேலையில் மேற்பார்வையாளராகப் புதிதாகச் சேர்ந்த வாசகர் ஒருவர், தமக்கு முன்பிருந்தவர் விட்டுச்சென்ற ஒப்படைப்புக் குறிப்பை அனுப்பியிருக்கிறார். வாரந்தோறும் எடுக்கும் முன்னேற்றப் படங்களைப் பற்றி அதில் இப்படி இருக்கிறது: “தரையில் அடித்த ஆணி மேல் நின்று எடுக்கவும். ஆணி மறைந்துவிட்டால் பழைய படத்தைப் பார்த்தபடி நடக்கவும். வாசல் தூணின் இடது விளிம்பும் தண்ணீர்த் தொட்டியின் வலது விளிம்பும் ஒட்ட வேண்டும். விளக்குக் கம்பமும் பின்னால் உள்ள மாடிப்படி அறையின் மூலையும் ஒட்ட வேண்டும்.” படத்தைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது வாசகரின் கேள்வி.

முடியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைத்தால், நீட்டிய விரல் பின்னணியில் இடம் மாறுகிறது அல்லவா? அதே இடமாறு தோற்றம்தான். பள்ளியில் அளவுகோலைப் படிக்கும்போது இதைப் ‘பிழை’ என்றே கற்பிக்கிறார்கள். எனக்கு அதில் நெடுநாள் வருத்தம். 1838இல் வானியலாளர் பெசல் ஒரு விண்மீனின் தொலைவை அளந்து வெளியிட்டது இந்தப் ‘பிழை’யைக் கொண்டுதான்.

தூணும் தொட்டியும் ஒட்டித் தெரிய வேண்டுமானால், அவ்விரு விளிம்புகளையும் இணைக்கும் நேர்கோட்டின் நீட்சியில் எங்காவது நிற்க வேண்டும். கம்பமும் மூலையும் இன்னொரு கோட்டைத் தருகின்றன. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளி ஒன்றுதான். ஆணி இருந்த இடம் அது.

வாசகரின் 14ஆம் வாரப் படத்தில் தூணுக்கும் தொட்டிக்கும் நடுவே வானம் தெரிகிறது. இடைவெளி, தொட்டியின் அகலத்தில் கால் பங்கு. தொட்டி 2 மீட்டர் அகலம் என்பதால், அது தொட்டியின் தொலைவில் அரை மீட்டர். தூண் 20 மீட்டரிலும் தொட்டி 40 மீட்டரிலும் உள்ளன. தொட்டி இருமடங்குத் தொலைவில் இருப்பதால், நாம் பக்கவாட்டில் நகரும் அளவும் அங்கே தெரியும் விலகலும் சமம். ஆகவே அவர் அரை மீட்டர் இடப்பக்கம் தள்ளி நின்றிருக்கிறார். மணல் குவியல் வழிமறித்ததாம்!

தொட்டி தூணுக்கு ஒரு மீட்டர் பின்னால் மட்டும் இருந்திருந்தால், அதே தவறு இரண்டரை சென்டிமீட்டர் பிளவாகத்தான் தெரிந்திருக்கும், கண்ணில் பட்டிருக்காது. முன்னவர் இணைகளை நன்கு தள்ளித்தள்ளித் தேர்ந்திருக்கிறார். அகற்றப்படும் சாரத்தையும், வளர்ந்துகொண்டே போகும் சுவரையும் தொடவில்லை.

கைபேசியைச் சற்றுத் திருப்பிப் பிடித்தால் படம் முழுதும் ஒருசேர நகரும், ஆனால் இணைகள் பிரியாது. அதைக் கணினியில் சரிசெய்துவிடலாம். இணை பிரிந்திருந்தால் கால்தான் தவறியிருக்கிறது. பத்து மீட்டர் பின்வாங்கி ‘ஜூம்’ செய்தாலும் உதவாது: 20, 40 என்பது 30, 50 ஆகிவிடும். தூண் பழைய அளவுக்கு வரும்போது தொட்டி பெருத்துப்போயிருக்கும்.