அண்ணனுக்குக் கழியும் நட்டம் தம்பிக்கு ஏன் கழியாது?

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிட்காயின்ல ஒரு லட்சம் லாபம், இன்னொரு காயின்ல எண்பதாயிரம் நட்டம். மிச்சம் இருபதாயிரத்துக்கு வரி கட்டினா போதும்லா? இங்கிலாந்துல இருக்கிற எங்கண்ணன் அப்படித்தான் கட்டுதாக."

அண்ணன் கட்டுவது சரி. தம்பி அப்படிக் கட்ட முடியாது. இந்தியாவில் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, லாபம் தந்த காயினுக்கு 30 சதவீத வரி. அதன்மேல் 4 சதவீதம் செஸ். வாங்கின விலையைத் தவிர வேறு எதையும் கழிக்க முடியாது. ஒரு காயினின் நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் நேர்செய்யவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஆக, வாசகர் கட்ட வேண்டியது 31,200 ரூபாய். கையில் நின்ற லாபமே 20,000தான்! விற்கும்போது பிடிக்கிற 1 சதவீத டிடிஎஸ் இந்த வரியிலேயே வரவு வைக்கப்படும் என்பது ஒரு சின்ன ஆறுதல். லாட்டரிப் பரிசையும் இந்தச் சட்டம் இதே கண்ணோடுதான் பார்க்கிறது. சூதாட்டம் என்று நினைத்தால் தடை செய்யட்டும். லாபத்தில் மட்டும் பங்கு கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பல நாடுகளில் லாப நட்டத்தைக் கூட்டிக் கழித்து மிச்சத்துக்குத்தான் வரி. ஆனால் 'நட்டம்' என்பதை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் சுவாரசியமே. இங்கிலாந்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஒவ்வொரு வகைக் காயினுக்கும் ஒரு பொதுத் தொகுப்பு உண்டு. குதிரில் கொட்டின நெல்லில் எது போன பூவில் விளைந்தது, எது இந்தப் பூ என்று பிரிக்க முடியாதல்லவா, அப்படித்தான். மொத்த விலையை மொத்த எண்ணிக்கையால் வகுத்த சராசரிதான் ஒவ்வொன்றின் அடக்க விலை.

அண்ணன் ஈதர் என்கிற காயினில் 3 எண்ணத்தை 6,000 பவுண்டுக்கும், பிறகு ஒன்றை 3,600 பவுண்டுக்கும் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். தொகுப்பில் 4 ஈதர், 9,600 பவுண்டு, சராசரி 2,400. 2026 மார்ச் 20 அன்று நான்கையும் 6,000 பவுண்டுக்கு விற்கிறார். நட்டம் 3,600. அதே வரி ஆண்டில் பிட்காயினில் 9,000 லாபம். கழித்தால் 5,400. ஆண்டு விலக்கு 3,000 போக, 2,400 பவுண்டுக்கு வரி. அவர் 24 சதவீதப் படியில் இருந்தால் 576 பவுண்டு. ஈதரை விற்காமல் இருந்திருந்தால் 1,440 ஆகியிருக்கும்.

'ஆண்டு முடியுமுன் விற்று நட்டத்தைக் காட்டிவிட்டு, மறுநாளே திரும்ப வாங்கிக்கொள்ளலாமே?' என்று தோன்றும். அதற்குத்தான் முப்பது நாள் விதி. விற்ற காயினுக்கு முதலில் அதே நாளில் வாங்கியது ஈடாகும். அடுத்து, விற்ற பின் 30 நாளுக்குள் வாங்கியது. அப்புறம்தான் பழைய தொகுப்பு. பின்னால் வாங்கப்போவது முன்னால் விற்றதற்கு அடக்க விலை ஆகிறது! ஏப்ரல் 2 அன்று அண்ணன் 4 ஈதரை 6,200 பவுண்டுக்குத் திரும்ப வாங்கினால், நட்டம் வெறும் 200. மிச்சம் 3,400 எங்கும் போய்விடவில்லை. 9,600 அடக்க விலையோடு பழைய தொகுப்பு அப்படியே இருப்பதால், பின்னால் ஒருநாள் விற்கும்போது வெளியே வரும். ஆனால் இந்த ஆண்டு வரி 1,392. ஏப்ரல் 19 வரை இந்த வலை உண்டு. 20ஆம் தேதி வாங்கினால் சிக்காது. வேறு காயின் வாங்கினால் அதற்குத் தனித் தொகுப்பு, இந்த விதி தொடாது. நல்ல நாள் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த நாளையும் கொஞ்சம் பார்க்கலாம்.

இந்த நட்டம் மூலதன லாபத்தில் மட்டும் கழியும், சம்பளத்தில் கழியாது. வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுக்குள் அதை அந்நாட்டு வரித்துறைக்குத் தெரிவித்திருக்கவும் வேண்டும். அதற்குத் தேதி, காயின் வகை, எண்ணிக்கை, அன்றைய பவுண்டு மதிப்பு, கட்டணம், ஒவ்வொரு விற்பனைக்கு முன்னும் பின்னும் தொகுப்பின் நிலை, வாலட் முகவரி, வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் வேண்டும். ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை மாற்றினாலும் விற்பனைதான். இங்கே நமக்கும் அப்படியே. ஐடிஆரில் உள்ள Schedule VDA அட்டவணையில் வாங்கின தேதி, விற்ற தேதி, வாங்கின விலை, விற்ற விலை என்று ஒவ்வொரு விற்பனையையும் ஒரு தனி வரிசையில் எழுத வேண்டும். நட்டம் கழியாது என்பதற்காக நட்டத்துக்கு விற்றதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். டிடிஎஸ் பிடித்த விற்பனை வரித்துறையின் கணக்கில் நிற்கும்.

கணக்கு பெரும்பாலும் கெடுவது, ஒருவர் தன் ஒரு வாலட்டிலிருந்து தன் இன்னொரு வாலட்டுக்கு மாற்றுகிற இடத்தில். அனுப்பியதை விற்பனை என்றும், வந்து சேர்ந்ததை விலையில்லாமல் கிடைத்தது என்றும் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். இல்லாத லாபம் முளைக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி, காயின் வாரியாக வாங்கியதிலிருந்து விற்றதையும் கட்டணமாகப் போனதையும் கழித்துப் பார்ப்பது. வருகிற எண்ணிக்கை வாலட்டுகளில் இருக்கிற மொத்த இருப்போடு ஒத்துப்போகாவிட்டால், வாலட் மாற்றங்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். எக்ஸ்சேஞ்ச் மூடிவிட்டால் பழைய பட்டியல் கிடைப்பது கஷ்டம், அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது CSV கோப்பை இறக்கிவையுங்கள்.