மொத்தம் சரி, மார்க் தப்பு: ஒரு நெடுவரிசையை மட்டும் ஸார்ட் செய்யும்போது நடப்பது

அரையாண்டுத் தேர்வு முடிந்து ரேங்க் லிஸ்ட் போடும் வாரத்தில், நான் எக்செல் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களிடமிருந்து ஒரே மாதிரி போன்கள் வரும். "சார், பசங்க மார்க் எல்லாம் மாறிப்போச்சு. ஆனா கூட்டிப் பார்த்தா டோட்டல் சரியாத்தான் இருக்கு." கேட்டவுடனே என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிடும். கணக்கு மார்க் இருந்த நெடுவரிசையை மட்டும் செலக்ட் செய்து ஸார்ட் கொடுத்திருப்பார்கள். மார்க் மேலும் கீழும் நகர்ந்திருக்கும், பக்கத்தில் இருந்த பெயர்கள் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும்.

ஐந்து பேர் உள்ள சின்ன ஷீட் ஒன்றை வைத்துப் பார்ப்போம். A-யில் எண், B-யில் பெயர், C-யில் தமிழ், D-யில் கணக்கு, E-யில் மொத்தம். மொத்தத்துக்கு `=SUM(C2:D2)` என்ற சூத்திரம். தினேஷ் கணக்குத் தேர்வுக்கு வரவில்லை, அதனால் AB.

| எண் | பெயர் | தமிழ் | கணக்கு | மொத்தம் |
|---|---|---|---|---|
| 1 | அன்பரசி | 81 | 78 | 159 |
| 2 | பாலாஜி | 44 | 28 | 72 |
| 3 | செல்வி | 90 | 93 | 183 |
| 4 | தினேஷ் | 52 | AB | 52 |
| 5 | கயல்விழி | 67 | 62 | 129 |

கணக்கில் முதல் மார்க் யார் என்று பார்க்க, D-யில் உள்ள மார்க்கை மட்டும் செலக்ட் செய்து பெரியதிலிருந்து சிறியதாக ஸார்ட் செய்கிறோம். இப்போது ஷீட் இப்படி ஆகிவிடும்:

| எண் | பெயர் | தமிழ் | கணக்கு | மொத்தம் |
|---|---|---|---|---|
| 1 | அன்பரசி | 81 | AB | 81 |
| 2 | பாலாஜி | 44 | 93 | 137 |
| 3 | செல்வி | 90 | 78 | 168 |
| 4 | தினேஷ் | 52 | 62 | 114 |
| 5 | கயல்விழி | 67 | 28 | 95 |

ஃபெயிலான பாலாஜி வகுப்பிலேயே முதல் மார்க். பரீட்சைக்கே வராத தினேஷ் பாஸ். 62 வாங்கிய கயல்விழி ஃபெயில். ஒவ்வொரு பிள்ளைக்கும் தப்பு நடந்திருக்கிறது, ஆனால் ஆசிரியர் வழக்கமாகச் சரிபார்க்கும் எதுவும் தப்பைக் காட்டாது. கணக்கில் அதிகபட்ச மார்க் அன்றும் 93, இன்றும் 93. சராசரி 65.25, மாறவில்லை. பாஸ் மூன்று, ஃபெயில் ஒன்று, வராதவர் ஒருவர், எல்லாம் அப்படியே. வகுப்பின் மொத்தக் கூட்டல் முன்பும் 595, பின்பும் 595. ஒரு வரியை எடுத்துக் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தாலும் 44-ம் 93-ம் சேர்ந்து 137 சரியாகத்தான் வரும். ஏனென்றால் E-யில் இருப்பது சூத்திரம். பக்கத்து மார்க் மாறிய அந்த நொடியே அதுவும் புதுக் கணக்குப் போட்டுவிட்டது. பாஸ், ஃபெயில் என்று `IF` போட்டு வைத்திருந்தால் அதுவும் அப்படித்தான்.

"எக்செல் எச்சரிக்கை கொடுக்குமே?" என்று கேட்பீர்கள். கொடுக்கும். ஒரு நெடுவரிசையை மட்டும் செலக்ட் செய்து ஸார்ட் கொடுத்தால், பக்கத்தில் டேட்டா இருப்பதைப் பார்த்து `Sort Warning` என்ற பெட்டி வரும். அதில் `Expand the selection` என்பதுதான் முதலில் தேர்வாகி இருக்கும். அப்படியே ஸார்ட் கொடுத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, வரி முழுவதும் சேர்ந்து நகரும். கீழே உள்ள `Continue with the current selection`-ஐத் தேர்ந்தெடுத்தால்தான் மார்க் தனியாகப் பிரியும். அப்படி இருந்தும் ஏன் கீழே உள்ளதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது சுலபம். நான் பார்த்தவரை பெரும்பாலும் காரணம் வேறு. பள்ளி ஷீட்டுகளின் தலையில் பள்ளிப் பெயர், வகுப்பு, தேர்வு என்று அகலமாக மெர்ஜ் செய்த கட்டங்கள் இருக்கும். முழு டேட்டாவையும் ஸார்ட் செய்யப் போகும்போது அந்த மெர்ஜ் கட்டமும் உள்ளே வந்துவிட்டால் எக்செல் மறுத்துவிடும்: `To do this, all the merged cells need to be the same size.` அவசரத்தில் இருக்கும் ஆசிரியர் தலைப்பை விட்டுவிட்டு மார்க்கை மட்டும் செலக்ட் செய்து பார்ப்பார். எச்சரிக்கைப் பெட்டியில் மேலே உள்ளதைக் கொடுத்தால் மறுபடி அதே மறுப்பு. கீழே உள்ளதைக் கொடுத்தால் உடனே வேலை முடிந்துவிடும். அழகுக்காகப் போட்ட மெர்ஜ்தான் அவரை அங்கே தள்ளியிருக்கிறது.

எச்சரிக்கையே வராத இடங்களும் உண்டு, அவைதான் எனக்கு அதிகப் பயம். பெயருக்கும் மார்க்குக்கும் நடுவே பார்வைக்கு இருக்கட்டும் என்று ஒரு நெடுவரிசையைக் காலியாக விட்டிருப்பார்கள். எக்செலுக்கு அந்தக் காலி இடம் ஒரு சுவர். அதற்கு இந்தப் பக்கம் ஒரு பட்டியல், அந்தப் பக்கம் வேறு பட்டியல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். மார்க் பக்கத்தில் ஒரே ஒரு செல்லில் நின்று ஸார்ட் கொடுத்தாலும் மார்க் பக்கம் மட்டும் நகரும், பெயர்கள் நகராது. ஃபில்டர் போட்ட பிறகு வலது ஓரத்தில் புதுப் பாடத்தைச் சேர்த்தாலும் இதே கதி. ஃபில்டரின் எல்லைக்குள் அந்தப் பாடம் வராது. அம்புக்குறியை அழுத்தி ஸார்ட் செய்தால் மற்றதெல்லாம் நகர, புதுப் பாடத்தின் மார்க் மட்டும் தங்கிவிடும். கூகுள் ஷீட்ஸில் எச்சரிக்கைப் பெட்டியை எதிர்பார்க்கவே வேண்டாம். `Data` மெனுவில் `Sort sheet` என்றால் முழு ஷீட், `Sort range` என்றால் நீங்கள் செலக்ட் செய்தது மட்டும். இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், கை தவற அதிக நேரம் ஆகாது.

சரி, நம் கையில் உள்ள ஷீட்டில் இது நடந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் AB-யைப் பாருங்கள். எக்செல் சிறியதிலிருந்து பெரியதாக ஸார்ட் செய்யும்போது எண்களுக்குப் பிறகுதான் எழுத்துகளை வைக்கும், தலைகீழாகச் செய்தால் எழுத்துகள் முதலில் வரும். அதனால் AB எல்லாம் பட்டியலின் ஒரே முனையில் போய் ஒட்டிக்கொள்ளும். வராதவர்கள் எல்லாருமே 1, 2, 3 என்ற முதல் எண்காரர்களாகவோ கடைசி எண்காரர்களாகவோ இருந்தால் அன்றைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். இதைவிட வேகமான சோதனை எனக்குத் தெரியவில்லை.

AB யாருமே இல்லாத வகுப்பு என்றால், பெயர்ப் பட்டியல் எண் வரிசையில் இருக்கும்போது மார்க் மட்டும் படிக்கட்டு மாதிரி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நாற்பது பேர் வகுப்பில் கண்ணால் பார்த்தாலே தெரியும். ஆயிரம் வரி என்றால் ஒரு சூத்திரம் போதும்:

```
=SUMPRODUCT(--(D2:D5<D3:D6))
```

கீழே உள்ள மார்க் மேலே உள்ளதைவிட அதிகமாக இருப்பது எத்தனை இடத்தில் என்று இது எண்ணிச் சொல்லும். சாதாரணமாக வகுப்பில் பாதிக்குப் பக்கமாக ஒரு எண் வரும். நம் இரண்டாவது அட்டவணையில் 0 வரும். 0 வந்தால் D முழுக்க இறங்கு வரிசையில் இருக்கிறது என்று அர்த்தம். `<` என்பதை `>` ஆக்கினால் ஏறு வரிசையும் பிடிபடும். ரேங்க்படி முழு வரியும் சேர்த்து ஸார்ட் செய்த ஷீட்டிலும் 0 வரலாம், ஆனால் அங்கே எண்களும் கலைந்திருக்கும். எண் 1, 2, 3 என்று ஒழுங்காக இருக்க, ஒரு பாடம் மட்டும் ஒழுங்காக இறங்கினால்தான் சந்தேகம்.

கண்டுபிடித்தாகிவிட்டது, மீட்பது எப்படி? ஃபைல் இன்னும் திறந்தே இருந்தால் வேறு எதையும் தொடாமல் `Ctrl+Z`. நடுவில் சேவ் செய்திருந்தாலும் பரவாயில்லை, ஃபைலை மூடாதவரை பின்னால் போகலாம். கூகுள் ஷீட்ஸ் என்றால் `File` மெனுவில் `Version history`-க்குள் பழைய நிலை இருக்கும். கம்ப்யூட்டரிலேயே சேவ் செய்து மூடிவிட்ட ஃபைல் என்றால், முன்பு யாருக்காவது வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்பிய பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள். திரும்ப ஸார்ட் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. எந்த மார்க் எந்த வரியிலிருந்து வந்தது என்ற தகவலே ஷீட்டில் இல்லை.

இதுவும் இல்லாத ஒரு பள்ளிக்கு ஒருமுறை உதவ வேண்டியிருந்தது. விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தாகிவிட்டது, ஃபைலையும் மூடியாகிவிட்டது. ஆனால் தலைமை ஆசிரியர் மேசையில், கலைவதற்கு முந்தைய நாள் எடுத்த பிரிண்ட் ஒன்று இருந்தது. பெயரும் மொத்தமும் மட்டும்தான், பாடவாரியாக இல்லை. அதுவே போதும். நம் உதாரணத்தில் அன்பரசியின் பழைய மொத்தம் 159, தமிழ் 81, கழித்தால் கணக்கு 78. கயல்விழிக்கு 129-லிருந்து 67 போக 62. தினேஷுக்கு 52-லிருந்து 52 போக 0. அது உண்மையிலேயே பூஜ்யமா, வராததா என்பதை வருகைப் பதிவேடுதான் சொல்லும். பழைய மொத்தத்தை F-ல் டைப் செய்துவிட்டால் G-யில் ஒரே சூத்திரம்:

```
=F2-C2
```

வந்த எண்களும் D-யில் கலைந்து கிடக்கும் எண்களும் ஒரே தொகுப்பாக இருந்தால் மீட்பு சரி. ஒரு பாடம் மட்டும் கலைந்திருந்தால்தான் இந்த வழி. இரண்டு பாடங்களைத் தனித்தனியாக ஸார்ட் செய்திருந்தால் அவற்றின் கூட்டல் மட்டுமே கிடைக்கும், பிரிக்க வழியில்லை. அப்புறம் பிள்ளைகளிடம் விடைத்தாளைத் திரும்பக் கேட்பதுதான் வழி.

இந்த வம்பே வேண்டாம் என்றால் தலைப்பு மெர்ஜை எடுத்துவிட்டு, காலி நெடுவரிசைகளை நீக்கிவிட்டு, டேட்டாவுக்குள் ஒரு செல்லில் நின்று `Ctrl+T` அழுத்துங்கள். அது டேபிள் ஆகிவிடும். தலைப்பில் உள்ள அம்புக்குறி வழியாக ஸார்ட் செய்தால் முழு வரியும் சேர்ந்துதான் நகரும், வலது ஓரத்தில் ஒட்டிச் சேர்க்கும் புதுப் பாடமும் டேபிளுக்குள் வந்துவிடும். வரிசை எண்ணை `=A2+1` என்று சூத்திரமாகப் போடாமல் எண்ணாகவே டைப் செய்யுங்கள். சூத்திரமாக இருந்தால் ஸார்ட்டுக்குப் பிறகு அது தன் பாட்டுக்கு வேறு கணக்குப் போடும், பழைய வரிசைக்குத் திரும்ப உதவாது.

ரேங்க் மட்டும்தான் வேண்டும் என்றால் ஸார்ட்டே தேவையில்லை. F2-ல் இதைப் போட்டுக் கீழே இழுத்தால் போதும்:

```
=RANK(E2,$E$2:$E$6)
```

ரேங்க் வரிசையிலேயே பட்டியல் வேண்டும் என்று தலைமை ஆசிரியர் கேட்டால், எக்செல் 2021 அல்லது 365-ல் அதே ஷீட்டின் காலியான இடத்தில் `=SORT(A2:E6,5,-1)` என்று கொடுக்கலாம். கூகுள் ஷீட்ஸில் `-1`-க்குப் பதில் `FALSE`. மார்க் போட்ட மூல வரிகள் அசையாமல் இருக்கும், அச்சடிக்க வேண்டிய பட்டியல் தனியாக வந்துவிடும்.