"அநேகமாகக் கட்டுவிரியன்" என்று பதில் வந்தால் அடுத்து என்ன பார்க்க வேண்டும்?

இரவில் வீட்டுக்குள் வந்த பாம்பைப் படமெடுத்து அனுப்பிக் கேட்டால், பாம்பு தெரிந்தவர்களிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். "அநேகமாகக் கட்டுவிரியன்", "கட்டுவிரியனாக இருக்கலாம்", "கட்டுவிரியனாக இருக்க வாய்ப்பு குறைவு". இந்தச் சொற்கள் ஆபத்தின் அளவைச் சொல்வதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில், பிரித்துக் காட்டும் அடையாளங்களில் எவையெல்லாம் படத்தில் தெரிந்தன என்பதையே அவை சொல்கின்றன.

குழப்பத்துக்குக் காரணம், விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன். அதுவும் இரவில் திரியும், வீட்டுக்குள் வரும், உடலில் வெளிர் பட்டைகள் இருக்கும். ஆகவே "கறுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை" என்பது மட்டும் தெரியும் படத்துக்கு "இருக்கலாம்" என்பதற்கு மேல் யாரும் நேர்மையாகச் சொல்ல முடியாது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அரிசி மூட்டைக்கு அடியில் பாம்பின் தலையும் கழுத்தும் மறைந்திருக்கின்றன. நடு உடம்பும் வாலும் மட்டும் தெரிகின்றன. பளபளக்கும் கருப்பு, மெல்லிய வெள்ளைப் பட்டைகள் இரண்டிரண்டாக, வால் வரை தெளிவாகப் போகின்றன. இதற்கு "அநேகமாகக் கட்டுவிரியன்" என்று சொல்லலாம். ஏனென்றால் வரையனின் பட்டைகள் கழுத்துப் பக்கம் அகலமாகத் தொடங்கி, பின்னால் போகப் போக மெலிந்தோ மங்கியோ விடும். வளர்ந்த கட்டுவிரியனில் இது தலைகீழ்: முன்பகுதியில் பட்டை இல்லாமலோ மங்கலாகவோ இருந்து, பின்னால்தான் தெளிவாகும்.

அப்படியானால் ஏன் "உறுதி" என்று சொல்லவில்லை? முதுகுத்தண்டின் மேல் ஓடும் செதில் வரிசை அந்தப் படத்தில் தெரியவில்லை. கட்டுவிரியனில் அந்த ஒரு வரிசை மட்டும் பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். வரையனில் முதுகுச் செதில்களும் மற்றவை போலவே இருக்கும். பட்டை பாம்புக்குப் பாம்பு மாறும். பட்டையே இல்லாத கட்டுவிரியனும் உண்டு. செதிலின் வடிவம் அப்படி மாறாது. ஃபிளாஷ் வெளிச்சம் நேராக முதுகில் பட்டால் அந்த வரிசை வெள்ளையாக அடித்துவிடும். ஆகவே இரண்டு மீட்டராவது தள்ளி நின்று, ஜூம் செய்து, டார்ச்சைப் பக்கவாட்டில் காட்டி எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் செதில்கள் கலங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். மூட்டையை நகர்த்தித் தலையைப் படம் பிடிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

பாம்பு போய்விட்டாலும் வழி இருக்கிறது. உரித்த சட்டை கிடைத்தால் நிறம் மங்கியிருக்கும், ஆனால் செதில் அச்சு அப்படியே இருக்கும். வாலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். செதில்கள் முழு அகலத்துக்கு ஒற்றை வரிசையாக இருந்தால் கட்டுவிரியன் பக்கம் எடை கூடும். இரண்டிரண்டாகப் பிரிந்திருந்தால் வரையன் பக்கம். செத்த பாம்பிலும் இதே சோதனை செல்லும். ஆனால் செத்த பிறகும் சிறிது நேரம் தலை அனிச்சையாகக் கடிக்கும் என்பதால் கையால் தொடாமல் நீண்ட குச்சியால் புரட்டுங்கள்.

மூன்று பதில்களில் அதிகம் ஏமாற்றுவது "வாய்ப்பு குறைவு"தான். அப்படி ஒருவர் சொன்னால் "எதை வைத்து?" என்று கேட்டுவிடுங்கள். "முதுகுச் செதில்கள் தெளிவாகத் தெரிகின்றன, பெரிதாக இல்லை" என்றால் அது வலுவான காரணம். "சுவரில் ஏறியது, கட்டுவிரியன் அப்படி ஏறாது" என்றால் பலவீனமான காரணம். வரையன் நன்றாக ஏறும் என்பது சரி. அதற்காகக் கட்டுவிரியன் மேடான இடத்தில் இருக்கவே இருக்காது என்று ஆகாது. "சின்னப் பாம்புதான்" என்பதும் அதே ரகம். கட்டுவிரியன் குட்டிக்கும் விஷம் உண்டு.

யாரையாவது கடித்திருந்தால் இந்த மூன்று சொற்களையும் ஒதுக்கி வைத்துவிடுங்கள். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி, இமை சரிவு, பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை என்று வரும். பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். கயிறு கட்டாமல், கீறாமல், கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள், 108-ஐ அழைக்கலாம். இந்தியாவில் கொடுக்கப்படும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்ந்தது. அதைக் கொடுப்பதா என்பதை மருத்துவர் அறிகுறிகளையும் இரத்தம் உறைகிறதா என்ற சோதனையையும் பார்த்து முடிவு செய்வார். பாம்பின் பெயர் தெரியாததால் சிகிச்சை நிற்காது. படம் இருந்தால் காட்டுங்கள், இல்லையென்றால் பாம்பைத் தேடிப் போகாதீர்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் மருத்துவமனையிலேயே கண்காணிப்பில் இருக்க வேண்டும். "வரையனாக இருக்கும்" என்று ஒருவர் போனில் சொன்னதை நம்பி இடையில் வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள்.