சம்பள உயர்வு கேட்பது எப்படி: 90 விநாடிக் காணொளியில் எது இருக்க வேண்டும்?

“கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க மேடம்.”

சம்பளம் பற்றிப் பேச மேலாளரின் அறைக்குள் போகிறவர்கள் அதிகம் சொல்லும் வாக்கியம் இது. பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு வேண்டும், எதற்காக வேண்டும் என்ற இரண்டுமே இதில் இல்லை. மேலாளரும் “பார்க்கலாம்” என்பார். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கேட்டவர் தான் கேட்டுவிட்டதாக நினைப்பார், மேலாளரோ ஏதோ ஆதங்கத்தைச் சொல்லிவிட்டுப் போனதாக நினைப்பார்.

ஊழியர்களுக்காகச் சம்பள உயர்வு பற்றி ஒரு குறுங்காணொளி எடுக்கும்போது இந்த வாக்கியத்திலிருந்து தொடங்கலாம். முதல் 10 விநாடி இதற்குப் போதும். மொத்தம் 90 விநாடி என்று வைத்துக்கொண்டால் எழுத்துப் பிரதி ஏறக்குறைய 120 சொற்களுக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் பேசுபவர் மூச்சுவிடாமல் பேச வேண்டியிருக்கும். நிதானமாகப் பேசுவது எப்படி என்று காட்டும் காணொளி அவசரமாக ஓடினால் அது எடுபடாது.

இந்த 120 சொற்களில் எதை வைப்பது, எதை விடுவது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. பெரும்பாலான நிறுவனங்களில் மேலாளர் தனியாகச் சம்பளத்தை முடிவு செய்வதில்லை. அவர் தனக்கு மேலே இருப்பவரிடமோ எச்.ஆர். பிரிவிடமோ நிதிப் பிரிவிடமோ போய்ப் பேச வேண்டும். அந்த அறையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஆகவே நீங்கள் சொன்னதை மேலாளர் அங்கே அப்படியே திருப்பிச் சொல்ல முடிய வேண்டும். அதற்கு உதவும் தகவலைக் காணொளியில் வைக்கலாம், மற்றதை விட்டுவிடலாம்.

எப்போது கேட்பது

அப்ரைசல் கூட்டத்தில் கேட்கலாம் என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கூட்டம் நடக்கும் நாளில் பிரிவுக்கான மொத்தத் தொகை பெரும்பாலும் முடிவாகி, பெயருக்கு நேரே எண்ணும் எழுதப்பட்டிருக்கும். அதன் பிறகு ஒருவருக்குக் கூட்ட வேண்டுமானால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும், அல்லது தனி அனுமதி வாங்க வேண்டும். இரண்டுமே மேலாளருக்குச் சங்கடம்.

உயர்வு அமலுக்கு வரும் மாதத்திலிருந்து இரண்டு மூன்று மாதம் பின்னோக்கிப் போங்கள். பேச வேண்டிய காலம் அது. உங்கள் அலுவலகத்தில் பட்ஜெட் எப்போது போடுகிறார்கள் என்று தெரியாவிட்டால் மேலாளரிடமே நேராகக் கேட்கலாம்: “அடுத்த வருஷச் சம்பளத் திட்டத்தை எந்த மாசம் மேலே அனுப்புவீங்க?” இதில் தவறாக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

ஒரே ஒரு சான்று, ஆனால் கேள்விக்கு நிற்கும் சான்று

தயாரிப்பில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்யும் ஒருவர். மாதக் கணக்கை முடிக்கும் பொறுப்பு ஓராண்டாக அவரிடம் இருக்கிறது. முன்பு மாதம் முடிந்து 6 வேலை நாள் கழித்துத்தான் கணக்கு முடியும். இப்போது 3 நாளில் முடிகிறது.

கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே இருப்பவர் முதலில் கேட்கப்போவது, “புது மென்பொருள் வந்ததால்தானே குறைந்தது?” என்பதுதான். இந்தக் கேள்விக்கு மேலாளரிடம் பதில் இல்லாவிட்டால் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும்.

அதனால் அந்த ஊழியர் 12 மாதங்களின் கணக்கு முடிந்த தேதிகளை எடுத்து வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். எழுதினால் உண்மை தெரியும். மென்பொருள் வந்த பிறகும் முதல் மூன்று மாதம் 6 நாள்தான் ஆகியிருக்கிறது. வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் வேலையை மாதக் கடைசிவரை சேர்த்து வைக்காமல் வாரம் ஒருமுறை முடிக்கும்படி அவர் மாற்றிய பிறகுதான் நாள் குறைந்திருக்கிறது. அந்த மாற்றம் அவருடையது. தேதிப் பட்டியல் கையில் இருப்பதால் மென்பொருள் பற்றிய கேள்வி இனி அவரை அசைக்காது.

எழுதிப் பார்க்கும்போது உண்மை எதிர்ப்பக்கமாகவும் வரலாம், அதாவது மென்பொருளால்தான் குறைந்தது என்று தெரியலாம். அப்படியானால் இந்தச் சான்றை விட்டுவிட்டு வேறொன்றைத் தேட வேண்டும். மேலாளர் முன்னால் உடைந்துபோகும் சான்று மற்ற நல்ல சான்றுகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

“நான் ரொம்ப உழைக்கிறேன்”, “இரவு எட்டு மணிவரை இருக்கிறேன்” போன்றவை இங்கே உதவாது. நேரம் கூடுதலாக ஆகிறது என்பதை வேலை மெதுவாக நடக்கிறது என்றும் படிக்கலாம். கடன் தவணை, வீட்டுச் செலவு ஆகியவை உண்மையான சுமைகள். இருந்தும் மேலாளர் அவற்றை மேலே கொண்டுபோய்க் காரணமாகச் சொல்ல முடியாது. பக்கத்து இருக்கைக்காரரின் சம்பளத்தை இழுத்தால் உங்கள் வேலையைப் பற்றிய பேச்சு, அந்த எண் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்ற விசாரணையாகத் திரும்பிவிடும்.

எந்த எண்

முதலில் எந்தச் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நிலையான சம்பளம், ஊக்கத்தொகையும் சேர்ந்த மொத்தத் தொகை, பிடித்தம் போகக் கைக்கு வருவது மூன்றும் வேறு வேறு. கேட்பவர் ஒன்றை நினைத்து “12 சதவீதம்” என்று சொல்ல, எதிரில் இருக்கும் மேலாளர் இன்னொன்றை நினைத்துத் தலையாட்டுவார். கடிதம் வரும்போதுதான் குழப்பம் தெரியும். நிலையான சம்பளத்தை வைத்தே பேசுவது பாதுகாப்பு, ஏனென்றால் ஊக்கத்தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறலாம்.

நம் கணக்குப் பிரிவு ஊழியரின் நிலையான சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். இதே பொறுப்புக்கு, இதே அனுபவத்துக்கு, அதே ஊரில் வந்த வேலை விளம்பரங்களையும் துறை நண்பர்கள் சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் 105 முதல் 120 வரை தெரிகிறது. அவர் 112 கேட்கலாம். 108 வந்தால் ஏற்கலாம் என்று தனக்குள் முடிவு செய்துகொள்ளலாம். இந்த இரண்டாவது எண்ணை வெளியே சொல்லக் கூடாது. “8 முதல் 12 வரை” என்று சொன்னால் மேலே போய்ச் சேர்வது 8 மட்டும்தான்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நிறுவனங்கள் பலவற்றில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு சம்பள வரம்பு உண்டு, கீழெல்லை ஒன்று, மேலெல்லை ஒன்று. அந்த ஊழியரின் பதவிக்கு வரம்பு 85 முதல் 115 வரை என்றால் 112 கேட்பதில் சிக்கல் இல்லை. ஆனால் அவர் ஏற்கெனவே 113-இல் இருந்தால் மேலாளருக்கு எவ்வளவு மனமிருந்தாலும் 12 சதவீதம் தர வழி இல்லை. அப்போது கேட்க வேண்டியது பதவி மாற்றம். “என் பதவிக்கான வரம்பில் நான் எந்த இடத்தில் இருக்கிறேன்?” என்று எச்.ஆர். பிரிவிடம் கேளுங்கள். வரம்பையே சொல்ல மறுத்தாலும் மேலெல்லைக்கு அருகிலா என்பதையாவது பல இடங்களில் சொல்வார்கள். ஊதிய ஒப்பந்தப்படியோ அரசு ஊதிய விகிதப்படியோ சம்பளம் வாங்குபவர்களுக்கு இந்தக் காணொளி பெரும்பாலும் பொருந்தாது, அதைக் காணொளியிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுவது நேர்மை.

அந்த வாக்கியம்

தொடக்க 10 விநாடி போக, இதுவரை சொன்னதெல்லாம் காணொளியில் 40 விநாடி. அடுத்த 15 விநாடி ஒரே ஒரு வாக்கியத்துக்கு:

“மேடம், இந்த ஒரு வருஷமா மாசக் கணக்கை முடிக்கிற பொறுப்பு முழுசா என்கிட்ட இருக்கு, ஆறு நாள் ஆன வேலை இப்போ மூணு நாள்ல முடியுது, அதனால என் நிலையான சம்பளத்தை 12 சதவீதம் உயர்த்தித் தரணும்னு கேட்டுக்கிறேன்.”

பொறுப்பு, விளைவு, எண் என்ற வரிசையில் இது போகிறது. எண்ணை முதலில் சொன்னால் எதிரில் இருப்பவர் மனம் உடனே அதை எடைபோடத் தொடங்கிவிடும், பின்னால் வரும் காரணம் காதில் விழாது. “கொஞ்சம்”, “முடிஞ்சா”, “தப்பா நினைக்காதீங்க” ஆகியவை இதில் இல்லை என்பதையும் கவனியுங்கள். பணிவுக்குக் “கேட்டுக்கிறேன்” என்ற ஒரு சொல்லே போதுமானது.

காணொளியில் இதைப் பேச்சுத் தமிழிலேயே வைக்க வேண்டும். “ஊதியத்தை உயர்த்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்று எழுத்துத் தமிழில் வைத்தால், பார்ப்பவர் அதை மனப்பாடம் செய்துகொண்டு போய் மேலாளர் முன்னால் பாதியில் திணறுவார். அவரவர் வாய்க்கு வருகிறபடி மாற்றிக்கொண்டு வாய்விட்டு நான்கைந்து முறை சொல்லிப் பார்ப்பது நல்லது. எண் வரும் இடத்தில் குரல் தாழ்கிறதா என்று கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள், பலருக்கு அங்கேதான் தாழும்.

வாக்கியம் முடிந்ததும் 5 விநாடி மௌனம். படத்தொகுப்பாளர் இதைத்தான் முதலில் வெட்டுவார், வெட்ட வேண்டாம் என்று பிரதியிலேயே எழுதிக் கொடுங்கள். பின்னணி இசையும் அந்த இடத்தில் வேண்டாம். மேலாளர் யோசிக்கும் அந்த நேரத்தைத் தாங்க முடியாமல்தான் பலர் “இல்லன்னா பத்து சதவீதம்கூடப் பரவாயில்லை” என்று தாங்களே குறைத்துவிடுகிறார்கள். அமைதியாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். அதற்குக் காணொளியைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது.

“பார்க்கலாம்” என்று சொன்ன பிறகு

பல காணொளிகள் மேலாளர் சிரித்துக் கைகுலுக்குவதோடு முடிகின்றன. நடைமுறையில் முதல் சந்திப்பிலேயே சம்மதம் வருவது அரிது. மீதி 20 விநாடியில் “பார்க்கலாம்” என்ற பதிலையே காட்டுங்கள். அதற்கு ஊழியர் சொல்ல வேண்டியது: “சரி மேடம், இதைப் பத்தி எப்போ திரும்பப் பேசலாம்?” ஒரு தேதி கிடைத்தால் போதும், அன்றைக்கு அதற்கு மேல் அழுத்த வேண்டியதில்லை.

முடியாது என்றே பதில் வந்தால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “பணம் இல்லாததாலயா, வரம்பாலயா, என் வேலையில ஏதும் குறையிருக்கா?” முதலாவது என்றால் அடுத்த பட்ஜெட் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். இரண்டாவது என்றால் பதவி மாற்றத்துக்கு என்ன தகுதி வேண்டும் என்று பேசலாம். மூன்றாவது என்றால் எந்த வேலை எந்த அளவுக்கு மேம்பட வேண்டும் என்று எண்ணாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். வேறு இடத்தில் வேலை கிடைத்திருப்பதாகச் சும்மா சொல்லிப் பார்க்கலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. “நல்லது, எப்போது கிளம்புகிறீர்கள்?” என்று பதில் வந்தால் அதற்குப் பிறகு பேச இடமே இருக்காது. உண்மையாகவே கையில் இல்லாத வேலையைப் பேச்சில் கொண்டுவராதீர்கள்.

அன்று மாலைக்குள் மேலாளருக்கு நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் போக வேண்டும்: பேசிய தேதி, பொறுப்பும் விளைவும், கேட்ட சதவீதம், அடுத்து பேசுவதாகச் சொன்ன நாள். கணக்கு முடிந்த 12 தேதிகளின் பட்டியல் இணைப்பாக. மேலாளர் மேலே பேசப் போகும்போது அப்படியே அனுப்புவதற்கு அவர் கையில் இருப்பது இதுதான். காணொளியின் கடைசிக் காட்சியாக அந்த நான்கு வரியைத் திரையில் நிறுத்துங்கள், பார்ப்பவர் நிறுத்திப் படித்து எழுதிக்கொள்ளும் அளவுக்குப் பெரிய எழுத்தில்.