மெனோபோஸ்: மாதவிடாய் ஓய்வும் எரியும் நாக்கும்

மெனோபோஸ் என்ற சொல்லின் வேர்கள் கிரேக்கத்தில் உள்ளன. 'மென்' என்றால் மாதம், 'பௌசிஸ்' என்றால் ஓய்வு. சொல்லைக் கட்டியவரோ பிரெஞ்சு வைத்தியர் ஷார்ல் த கார்தான். 1816இல் சற்று நீளமாக 'மெனெஸ்பொசி' என்று எழுதியவர், 1821இல் அதை 'மெனொபோஸ்' என்று சுருக்கினார்.

தமிழில் 'மாதவிடாய் நிறுத்தம்' என்பதே அதிகம் புழங்குகிறது. எனக்கு 'மாதவிடாய் ஓய்வு' கூடுதலாகப் பொருந்துவதாகப் படுகிறது. நிறுத்தம் என்றால் யாரோ நிறுத்தியதுபோல் இருக்கிறது. சூலகம் தன் வேலையை மெல்ல மெல்லக் குறைத்து ஓய்வதை ஓய்வு என்ற சொல்லே காட்டுகிறது. யாழ்ப்பாணத்து வீடுகளில் இரண்டும் கேட்காது. "எனக்கு நிண்டிட்டுது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மருத்துவக் கணக்கில், 12 மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராதிருந்தால்தான் ஓய்வு வந்ததாகக் கொள்கிறார்கள். ஆனால் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் அதற்குச் சில வருடங்களுக்கு முன்னரே ஏறி இறங்கத் தொடங்கிவிடும். அந்தக் காலத்துக்குப் பெரிமெனோபோஸ் என்று பெயர். 'பெரி' என்றால் சுற்றிலும் என்பதால் 'ஓய்வை அண்டிய காலம்' என்று தமிழில் சொல்லலாம். ஈஸ்ட்ரஜன் கருப்பைக்கு மட்டுமான ஹோர்மோன் அல்ல. நரம்பு, தோல், வாயின் உட்தோல், உட்காது எல்லாம் அதற்குச் செவிசாய்ப்பவை. அதனால்தான் மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே தோல் விறுவிறுக்கலாம், காது இரையலாம், நாக்கு எரியலாம், தலை சுற்றலாம். கருப்பையை மட்டும் எடுத்து, சூலகத்தை விட்டிருக்கும் பெண்ணுக்கோ நாள் எண்ணவே வழியில்லை. அவருக்கு இந்தக் குறிகள்தான் முதலில் வந்து சேரும்.

உடம்பு திடீரென்று கொதித்து வேர்ப்பதை இப்போது பலரும் அறிவார்கள். நாக்கெரிவை ஓய்வோடு சேர்த்து நினைப்பவர்கள் குறைவு. அதனால் அதையே விரித்துச் சொல்கிறேன்.

கொக்குவில் பக்கத்து ரீச்சர் ஒருவர், வயது 50, மரக்கறி மட்டும் சாப்பிடுபவர். மாதவிடாய் வந்து ஒன்பது மாதமாகிறது. நாக்கு நுனியும் கீழுதட்டின் உட்பக்கமும் சுடுதேத்தண்ணி பட்டதுபோல் எரிகின்றன. காலையில் எழும்போது ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தொடங்கி இரவுக்குள் கூடிவிடும். வாயில் இரும்பு கடித்த ருசி. கண்ணாடியில் பார்த்தால் நாக்கு சாதாரணமாகவே இருக்கிறது. "தூளைக் குறையுங்கோ" என்று வீட்டில் சொல்ல, உறைப்பை முழுவதும் விட்டார். எரிவு குறையவில்லை. சாப்பிடும்போதுதான் எரிவு தணிகிறது என்று அவரே கண்டுபிடித்தார்.

அந்தக் கடைசிச் செய்திதான் வைத்தியருக்கு மிக முக்கியமானது. ஓய்வுக் காலத்து நாக்கெரிவு பெரும்பாலும் சாப்பிடும்போது தணியும். காரணத்தை இப்படி விளக்குகிறார்கள்: நாக்கில் ருசியைக் கொண்டுபோகும் நரம்பு வேறு, வலியைக் கொண்டுபோகும் நரம்பு வேறு. ருசி நரம்பு ஓடிக்கொண்டிருக்கும்வரை வலி நரம்பை அடக்கிவைத்திருக்கும். ருசி நரம்பு தளர்ந்தால் அடக்குவாரில்லாமல் வலி நரம்பு தானாகவே எரிவைச் சொல்லத் தொடங்கும். உணவு ருசி நரம்பைத் தூண்டுவதால் அந்த நேரம் மட்டும் அடக்கம் திரும்புகிறது.

உறைப்புப் பட்டவுடன் எரிவு கூடினால் கதை வேறு. வெத்திலை, பாக்கு போடுபவருக்கு அப்படி எரிந்து, வாயும் முந்தியளவு திறக்காமல் இறுகிக்கொண்டு வந்தால், அது வாயின் உட்தோல் நாராக இறுகும் நோயாக இருக்கலாம். புற்றுநோயாக மாறக்கூடியது என்பதால் அதை ஓய்வின் தலையில் கட்டிவிட்டு இருந்துவிடக் கூடாது. சுரண்டினால் வரும் வெள்ளைப் படை பூஞ்சணத்தின் குறி. நாக்கு சிவந்து வழவழத்திருந்தால் இரும்புச்சத்தோ பி12 விற்றமினோ குறைந்திருக்கலாம். ஆறாத புண், ஒரு பக்கம் மட்டும் எரிவு என்றாலும் காட்ட வேண்டும்.

ரீச்சருக்கு முதலில் பல் டொக்டர் வாயை முழுவதும் பார்த்தார், வாயில் குற்றமில்லை. பிறகு இரத்தத்தில் இரும்பு, பி12, சீனி, தைரொயிட் பார்த்தார்கள். பி12 குறைவாக இருந்தது. இறைச்சி, மீன், முட்டை தொடாத, பாலும் அதிகம் குடிக்காத சைவ வீடுகளில் இது எதிர்பார்க்கக்கூடியதே. ஊசி போட்டார்கள். அவர் போட்டுவந்த பிரஷர் குளிசை எனலாப்ரில். அந்த வகைக் குளிசைகள் சிலருக்கு வாயெரிவைத் தருவதால் அதையும் வைத்தியர் மாற்றினார். (தாமாக நிறுத்தக் கூடாது, பிரஷர் ஏறிவிடும்.) சில வாரங்களில் எரிவு பாதியளவு குறைந்தது, மீதி நின்றது.

ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேலாக எரிந்து, வேறு காரணம் ஒன்றும் அகப்படாவிட்டால் 'எரியும் வாய்' என்று தனிப்பெயர் வைக்கிறார்கள். கிரேக்க வேர்களால் கட்டிய இன்னொரு பெயர் ஸ்ரொமற்றோடைனியா: 'ஸ்ரொமா' வாய், 'ஒடுனே' வலி. தமிழில் வாயெரிவு போதும். மீதி எரிவுக்கு அவருக்குக் குளொனஸிபாம் குளிசையை வாயில் கரையவிட்டுத் துப்பும்படி சொன்னார்கள். விழுங்காமல் துப்புவதால் உடம்புக்குள் போவது குறைவு. என்றாலும் பழக்கமாகிவிடக்கூடிய மருந்து அது, வைத்தியர் சொன்ன அளவில்தான். ஹோர்மோன் சிகிச்சை கொதிப்புக்கும் வேர்வைக்கும் நன்றாக உதவும். நாக்கெரிவில் அதன் பலன் ஆளுக்கு ஆள் மாறுவதால் அதற்காக மட்டும் தொடங்குவதில்லை.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லலாம். தோல் விறுவிறுப்புக்குப் பரெஸ்தீசியா என்று பெயர், பிறழ்ந்த உணர்வு என்பது பொருள். பூச்சி ஊர்வதுபோலிருந்தால் ஃபோமிக்கேஷன். 'ஃபோமிக்கா' லத்தீனில் எறும்பு. "எறும்பு ஊருற மாதிரிக் கிடக்கு" என்ற நம் பேச்சே சரியான மொழிபெயர்ப்பு. இரவில் விரல்கள் மட்டும் விறைத்தால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதைப் பார்க்கவேண்டும். இரண்டு பாதமும் என்றால் சீனி. திடீரென்று ஒரு பக்கக் கை, முகம் விறைத்துப் பேச்சுக் குழறினால் நேரே ஆஸ்பத்திரி.

காதிரைச்சலுக்கு ரினைற்றஸ், மணி ஒலிப்பது என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து இரைந்தாலோ, கேள்வி குறைந்தாலோ காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டவேண்டும்.

தலைச்சுற்றுக்கும் மயக்கத்துக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடுவது நம் பழக்கம். வைத்தியருக்கு இரண்டும் வேறு. வீடு சுழல்வதுபோல் இருப்பது தலைச்சுற்று. கண் இருண்டு விழப்போவது மயக்கம், அதற்குப் பிரஷரையும் இரத்தச் சோகையையும் பார்ப்பார்கள். ஓய்வுக் காலத்தை அண்டி மாதவிடாய் மிகுந்து போகும் பெண்ணுக்கு இரத்தச் சோகை வருவது சாதாரணம். படுக்கையில் புரளும்போது மட்டும் ஒரு நிமிடத்துக்குள் சுற்றி அடங்கினால், உட்காதின் நுண்கற்கள் இடம்மாறியிருக்கலாம். இந்த வயதுப் பெண்களில் அது அதிகம். தலையை ஒழுங்குமுறையாகத் திருப்பிக் கற்களை இருந்த இடத்துக்குக் கொண்டுபோகும் எப்லி முறையைக் கிளினிக் கட்டிலிலேயே சில நிமிடங்களில் செய்யலாம். மருந்து வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் எங்கே சொல்வது என்று கேட்பவர்களுக்கு: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குகள் 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கானவை. கர்ப்பப்பைக் கழுத்தையும் மார்பையும் பார்க்கப் போகும் அன்றைக்கே, கடைசி மாதவிடாய் வந்த திகதி, எரிவு கூடும் நேரம், சாப்பிடும்போது தணிகிறதா கூடுகிறதா, போடும் குளிசைகளின் பெயர்கள் ஆகிய நாலையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.